பதினைந்து நொடிக்குள் ஒரு வினா



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. புதிர்ப்போட்டிக்கு எழுதப்படும் ஒரு வினாவை, அரங்கில் உரக்க வாசிக்கப் பதினைந்து நொடிக்கு மேல் ஆகாதவாறும், கேட்போர்க்கு ஒரே ஒரு விடை மட்டும் தோன்றுமாறும் சுருக்குவது எப்படி என்பதே அது. தமிழ்நாட்டார் இப்போட்டியை ‘வினாடி வினா’ என்கின்றனர். நாம் ‘புதிர்ப்போட்டி’ என்கிறோம். ‘நொடி’ என்ற சொல்லுக்கோ கைந்நொடிப் பொழுது என்னும் பொருளும் உண்டு, விடுகதை என்னும் பொருளும் உண்டு. காலமும் புதிரும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது இன்றைய பொருளுக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

முதலில் அளவைப் பற்றி. வினாவின் நீளத்தைச் சொற்களால் எண்ணுவது நம் மொழிக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக நிற்பது தமிழில் வேற்றுமை உருபும் இடைநிலையும் விகுதியும் ஏறி ஒரே சொல்லாகிவிடும். ‘விதைகளிலிருந்து’ என்பது ஒரு சொல்தான். ‘யார்’ என்பதும் ஒரு சொல்தான். இரண்டும் வாயில் எடுக்கும் நேரம் ஒன்றன்று. ஆகவே எழுத்தை எண்ண வேண்டும். அதிலும் புள்ளி பெற்ற மெய்யெழுத்தை விட்டுவிட்டு, உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ண வேண்டும். ‘தோட்டம்’ என்பதில் தோ, ட என இரண்டு. ‘மலாக்கா’ என்பதில் ம, லா, கா என மூன்று. இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ அச்சொல்லின் அசையொலிகளின் எண்ணிக்கையாகும்.

நம் இலக்கணத்தார் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரை வகுத்து, அம்மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடிப்பாலும் அளந்தனர். அம்முறையிலும் கணக்கிடலாம், ஆனால் போட்டிக்கு வினா எழுதும் ஆசிரியர்க்கு அத்துணை நுட்பம் வேண்டியதில்லை. தெளிவாக, அவசரமின்றி வாசிக்கும் ஒருவர் ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்து உயிர், உயிர்மெய் எழுத்துகளை ஒலிப்பார் என்று கொள்ளலாம். பதினைந்து நொடியில் எழுபத்தைந்து ஆகிறது. நிறுத்தக்குறிகளில் மூச்சு விடுவதற்கும், அயற்பெயர்களைச் சற்று நிறுத்தி ஒலிப்பதற்கும் மூன்று நொடி ஒதுக்கினால் எஞ்சுவது அறுபது. இந்த அறுபது என்னும் எண்ணை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். உங்கள் வாசிப்பாளர் விரைந்து படிப்பவரா, நிதானமாகப் படிப்பவரா என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்து இவ்வெண்ணைச் சிறிது கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

எண்ணும்போது ஒன்றில் கவனம் தேவை. இலக்கத்தில் எழுதிய ஆண்டு தாளில் நான்கு குறிகள்தாம். வாயில் அவ்வாறன்று. 1896 என்பது ‘ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு’ என விரியும். பதினோர் எழுத்து, இரண்டு நொடிக்கு மேல். ஒரு வினாவில் இரண்டு ஆண்டுகள் வந்தால் கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தாளைப் பார்த்துக்கொண்டே எழுதுபவர்க்கு இது தோன்றுவதில்லை.

இனி ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். பொருள் நம் மாநிலத்தினுடையது: ரப்பர். புதிர்ப்போட்டிக்கென எழுதப்படும் முதல் வரைவுகள் பெரும்பாலும் எப்படி இருக்குமோ, அப்படியே இதனை அமைத்திருக்கிறேன்.

‘1876ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்காம் என்பவரால் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் சிங்கப்பூர் வழியாக மலாயாவுக்கு வந்து சேர்ந்த பிறகு, சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி அவர்களின் ஊக்கத்தினால், நம் மலாக்கா மாநிலத்தில் உள்ள புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் 1896ஆம் ஆண்டில், நம் நாட்டில் முதன்முதலாக ரப்பரைப் பயிரிட்ட சீன வணிகர் யார் என்பதைக் கூறுக?’

ஆண்டுகளை விரித்து எண்ணினால் நூற்று அறுபத்தைந்து எழுத்து. வாசிக்க அரை நிமிடத்திற்கு மேல் ஆகும். எதிர்பார்க்கும் விடை தான் சே யான்.

சுருக்கப் புகுவோர் முதலில் கைவைப்பது சொற்களில். அது தவறன்று. ‘என்பதைக் கூறுக’ என்பது வேண்டாதது, ‘யார்?’ என்று நிறுத்திவிட்டால் ஆறெழுத்து மிச்சம். (வினாக்குறியும் ஏவலும் ஒரே தொடரில் நிற்பது இலக்கணத்திற்கும் ஒவ்வாதது.) ‘விக்காம் என்பவரால் கொண்டு செல்லப்பட்ட’ என்ற செயப்பாட்டு வினையை ‘விக்காம் கொண்டுசென்ற’ எனச் செய்வினையாக்கினால் மேலும் ஆறு. ‘நம் மலாக்கா மாநிலத்தில் உள்ள புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில்’ என்பதை ‘மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்’ என்றால் பத்து. ‘ஹென்றி ரிட்லி அவர்களின் ஊக்கத்தினால்’ என்பதை ‘ரிட்லியின் ஊக்கத்தால்’ என்றால் ஆறு. இவ்வளவும் செய்தும் குறைந்தது இருபத்தெட்டே எழுத்து. நூற்று முப்பத்தேழு இன்னும் நிற்கிறது. சொல்லைச் சீவுவதால் மட்டும் நீண்ட வினா குறுகாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

ஆகவே செய்தியைக் குறைக்க வேண்டும். எதனைக் குறைப்பது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. வினாவின் ஒரு பகுதியை விரலால் மறைத்துக்கொண்டு, ‘இது இல்லாவிட்டால் வேறு யாராவது விடையாக முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாது எனில் அப்பகுதி கதை. முடியும் எனில் அது வரம்பு. கதையை நீக்கலாம், வரம்பை நீக்கலாகாது.

விக்காம், பிரேசில், இங்கிலாந்து, விதை, கன்று ஆகியவை பற்றிய முற்பகுதி முழுவதையும் மறைத்துப் பாருங்கள். விடை மாறுவதில்லை. அது எழுபத்துமூன்று எழுத்து, ஏறத்தாழ வினாவில் பாதி. அச்செய்தி சுவையானது, மாணவர் அறிய வேண்டியது. ஆனால் அதற்குரிய இடம் விடை கூறப்பட்ட பின் வாசிப்பாளர் சொல்லும் ஒரு வரிக் குறிப்பு. அடுத்து ‘1896ஆம் ஆண்டில்’ என்பதை மறையுங்கள். இதுவும் விடையை மாற்றவில்லை. மேலும், இத்தோட்டம் தொடங்கிய ஆண்டு நூலுக்கு நூல் ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாகக் காணப்படுகிறது. விடைக்கு உதவாததோடு மறுப்புக்கும் இடந்தரும் ஒரு செய்தியை வினாவில் சுமப்பானேன்?

இப்போது கிடைப்பது இது: ‘சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லியின் ஊக்கத்தால், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், நம் நாட்டில் முதன்முதலாக ரப்பரைப் பயிரிட்ட சீன வணிகர் யார்?’ எண்ணிப் பாருங்கள், ஐம்பத்தேழு. அறுபதுக்குள் வந்துவிட்டது. பலர் இங்கே பேனாவை மூடிவிடுகின்றனர். ஆனால் நீளச் சிக்கல் தீர்ந்ததேயன்றி விடைச் சிக்கல் தொடப்படவே இல்லை.

விடைச் சிக்கலைத் தொட, வினாவை விட்டுவிட்டு விடையின் பக்கம் போக வேண்டும். ஒரு தாளில் ‘தான் சே யான்’ என்று எழுதுங்கள். அதன் கீழே, இவ்வினாவைக் கேட்டு நன்கு படித்த ஒரு மாணவர் வேறு யாரைச் சொல்லக்கூடும் என்று எழுதுங்கள். இவர்களை நான் போட்டி விடைகள் என்பேன்.

‘நம் நாட்டில் முதன்முதலாக ரப்பரைப் பயிரிட்டவர்’ என்ற தொடருக்கு முதல் போட்டி விடை பேராக்கிலிருந்து வருகிறது. 1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு இருபத்திரண்டு கன்றுகள் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே அப்போது ஆங்கில ரெசிடென்டாக இருந்தவர் ஹியூ லோ. ‘பயிரிட்டவர்’ என்பதை ‘நட்டவர்’ எனக் கொண்ட மாணவர் அவர் பெயரைச் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டாவது போட்டி விடை சிலாங்கூரிலிருந்து வருகிறது. காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள், தான் சே யானுக்கு ஏறத்தாழ அதே காலத்தில் வணிக நோக்கில் ரப்பர் நட்டனர். யார் முந்தியவர் என்பதில் எழுதுவோர் ஒருமனப்படவில்லை. மூன்றாவது, ரிட்லியே. அவர் 1888இல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, மரத்தைக் கொல்லாமல் பால்வெட்டும் முறையை வகுத்தவர். பள்ளிப் பாடங்களில் ரப்பர் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது.

போட்டி விடை ஒவ்வொன்றும் வினாவில் இருக்க வேண்டிய வரம்பு எது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஹியூ லோவை விலக்க, ‘வணிகத்துக்காக’ என்ற சொல் வேண்டும். அவர் நட்டது மரம்; தான் சே யான் அமைத்தது தோட்டம், ஏறத்தாழ நாற்பது ஏக்கர். ஆகவே ‘பயிரிட்ட’ என்பதற்குப் பதிலாகத் ‘தோட்டம் அமைத்த’ என்பதே பொருந்தும். கிண்டர்ஸ்லி சகோதரர்களை விலக்க, ‘முதல்’ என்ற சொல்லின் எல்லையை நாட்டிலிருந்து மலாக்காவுக்குச் சுருக்க வேண்டும். ரிட்லியை விலக்க மிக எளிய வழி, அவர் பெயரை வினாவிலேயே சொல்லிவிடுவது. ஆகவே ரிட்லியின் பெயர் இங்கே அணியாக நிற்கவில்லை, வேலை செய்கிறது. அவருடைய பதவிப்பெயரோ எவரையும் விலக்கவில்லை. பதவி போகலாம், பெயர் இருக்கட்டும்.

‘முதல்’ என்ற சொல்லைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல விரும்புகிறேன். புதிர் வினாக்களில் வழக்குத் தொடுக்கும் சொல் வேறு எதுவும் இதற்கு ஈடில்லை. முதல், பெரிய, பழைய, மிக நீண்ட ஆகியவை எந்த எல்லைக்குள், எந்த அளவையால் என்று கேட்கத் தூண்டுவன. மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாசில் உள்ள பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலை நாட்டின் மிகப் பழைய கோயில் எது என்ற வினாவுக்கு விடையாக வைப்பதுண்டு. 1781இல் எழுந்த கோயில் அது. கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த கோயில் அடித்தளங்களைப் பாடநூலில் படித்த மாணவர் கைதூக்கினால் நடுவர் என் செய்வார்? ‘இன்றும் வழிபாடு நடைபெறும்’ என்ற வரம்பு வேண்டும். அதைவிட நல்லது வினாவையே திருப்பிவிடுவது: ‘மலாக்காவில் பொய்யாத விநாயகர் கோயில் உள்ள தெருவின் மலாய்ப் பெயர், எந்தத் தொழில் செய்வோரைக் குறிக்கிறது?’ விடை பொற்கொல்லர். ‘பழைய’ என்ற சொல்லும் போயிற்று, நீண்ட கோயிற்பெயரைப் பிழையின்றிச் சொன்னாரா இல்லையா என்ற சச்சரவும் போயிற்று.

மீண்டும் ரப்பருக்கு வருவோம். வரம்புகளைச் சேர்த்து ஒரே தொடராக எழுதினால் இப்படி அமையும்: ‘ரிட்லியின் தூண்டுதலால் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக அம்மாநிலத்தின் முதல் ரப்பர்த் தோட்டத்தை அமைத்த சீன வணிகர் யார்?’ தாளில் இது தெளிவுதான். காதுக்கு அவ்வாறன்று. காரணம் நம் மொழியின் தொடரமைப்பு. தமிழில் பெயரடைத் தொடர்கள் பெயருக்கு முன்னே அடுக்கி நிற்கும். தலையாய பெயர் கடைசியில் வரும். வினாச்சொல் அதற்கும் பின்னே வரும். கேட்பவர், எதைப் பற்றிய பேச்சு என்றே அறியாமல் எல்லா அடைகளையும் நினைவில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். மலாயில் ‘சியாப்பாக்கா’ என்று வினா தொடங்கியதுமே ஆளைக் கேட்கிறார்கள் என்பது விளங்கிவிடும். அதைப் பார்த்து மொழிபெயர்ப்போர் சிலர் தமிழிலும் ‘யார்’ என்பதைத் தலையில் வைத்து எழுதுகின்றனர். அது காதுக்கு முரணாக ஒலிக்கிறது. தமிழில் இதற்கு வேறு வழி உண்டு. ஒரு தொடரை இரண்டாக்குவது. முதல் தொடர் பொருளை நிறுத்தட்டும். இரண்டாவது தொடர் கேட்கட்டும்.

‘ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், மலாக்காவில் வணிகத்துக்கான முதல் ரப்பர்த் தோட்டம் புக்கிட் லிந்தாங்கில் அமைந்தது. அதை அமைத்த சீன வணிகர் யார்?’

நாற்பத்தைந்து எழுத்து. ஒன்பது நொடி, நிறுத்தங்களோடு பன்னிரண்டு. பதினைந்துக்குள் இடம் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சிய இடத்தில் ‘சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்ட இயக்குநர்’ என்ற பதவியை மீண்டும் சேர்த்துவிடலாமே என்ற ஆசை எழும். சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வினாவில் இரண்டு தோட்டங்கள் வந்துவிடும். ‘அதை அமைத்த’ என்னும்போது எதை என்ற ஐயம் பிறக்கும். சுட்டுப்பெயர் வரும் வினாவில், அது சுட்டத்தக்க பெயர் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நேரம் மிஞ்சுவதால் மட்டும் அதை நிரப்ப வேண்டியதில்லை.

அதே போல மிகையாகச் சுருக்குவதும் கேடு. ‘மலாயாவில் முதன்முதலில் ரப்பரை நட்டவர் யார்?’ பதினாறே எழுத்து, மூன்று நொடி வினா. நாம் மேலே கண்ட போட்டி விடைகளுள் பாதி இதற்குப் பொருந்தும். எழுத்துக் குறைந்த வினாவே சிறந்த வினா என்று எண்ணுவோர், கதையோடு வரம்பையும் சேர்த்து வெட்டிவிடுகின்றனர்.

பெயரெச்சத்தால் நேரும் இன்னொரு மயக்கத்தையும் இவ்வினாவைக் கொண்டே காட்டலாம். தான் சே யான், சிங்கப்பூரில் மருத்துவமனை நிறுவிய தான் தோக் செங்கின் பேரன். ஒருவர் வினாவை இப்படி மாற்றி எழுதுகிறார் என்று கொள்வோம்: ‘மலாக்காவில் பிறந்த தான் தோக் செங்கின் பேரன் யார்?’ மலாக்காவில் பிறந்தவர் தாத்தாவா, பேரனா? பெயரெச்சம் அடுத்து நிற்கும் பெயரையும் தழுவலாம், அதனைத் தாண்டித் தலைமைப் பெயரையும் தழுவலாம். தாளில் காற்புள்ளி இட்டு ஒருவாறு காட்டலாம். ஒலிபெருக்கியில் காற்புள்ளி கேட்பதில்லை. இவ்விருவரும் மலாக்காவில் பிறந்தவர்களே என்பதால் இங்கே உண்மை பிழைபடாமல் தப்பியது. ஆனால் பேரன் ஒருவர்தாம் என்று எவ்வாறு கொள்வது? உறவுமுறைப் பெயரை விடையாக்கும்போது, அவ்வுறவில் ஒருவரே உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

வினாச்சொல்லும் விடையை அகலமாக்கும். ‘எங்கே’ என்றால் மலாக்கா என்பதும் விடை, மத்திய மலாக்கா என்பதும் விடை, புக்கிட் லிந்தாங் என்பதும் விடை. ‘எந்த மாநிலத்தில்’, ‘எந்த மாவட்டத்தில்’ என்று கேட்டால் படி ஒன்றாகிவிடும். ‘எப்போது’ என்பது இன்னும் இடர் தருவது. ‘மலாக்கா எப்போது ஆங்கிலேயர் கைக்கு வந்தது?’ என்று கேட்டால், டச்சுக்காரரிடமிருந்து அவர்கள் முதலில் பொறுப்பேற்ற 1795 ஒரு விடை. 1818இல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின் உடன்படிக்கையால் பெற்ற 1824 மற்றொரு விடை. ‘ஆங்கில டச்சு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர்க்கு உரியதென முடிவான ஆண்டு எது?’ என்றால் ஐயமில்லை. சொல் கூடியது, விடை குறைந்தது.

எழுதி முடித்த வினாவைச் சோதிக்க அதை எழுதியவர் தகுதியற்றவர். விடை அவர் மனத்தில் இருப்பதால் வினாவில் இல்லாததையும் அவர் படித்துவிடுவார். வினாவை இதுவரை காணாத ஒருவர் வாசிக்க, விடை அறியாத மற்றொருவர் தாளைப் பாராமல் கேட்க வேண்டும். கேட்டவர் விடையைச் சொல்ல வேண்டியதில்லை. வினா என்ன கேட்டது என்பதைத் தம் சொற்களில் திருப்பிச் சொன்னால் போதும். எதை விட்டுவிட்டார், எதை மாற்றிச் சொன்னார் என்பதிலிருந்து எது காதில் ஏறவில்லை என்பது தெரியும். வாசிப்பவர் தடுமாறிய இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு அயற்பெயரோ, இலக்கமோ, சந்தி மிகுந்த நீண்ட சொல்லோ இருக்கும். தோட்டத்து மண்டபங்களில் மேலே விசிறி சுழலும், வெளியே மழை பெய்யும். அங்கே ழகர ளகர வேறுபாட்டை நம்பி எந்த வினாவும் நிற்கலாகாது. ‘வாழை’ என்று வாசித்தது ‘வாளை’ என்று கேட்டால் ஒருவர் மரத்தையும் மற்றவர் மீனையும் நினைப்பார். ‘ஆறு’ என்பது எண்ணா நீரா என்பதும் அவ்வாறே. ‘ஆற்றின் பெயர்’ என்று உருபேற்றிவிட்டால் மயக்கம் தீரும்.

கடைசியாக விடைச்சீட்டு. வினாவோடு சேர்த்து, நடுவர்க்கு எவ்வெவ்விடை செல்லும், எது செல்லாது என்று போட்டிக்கு முன்பே எழுதித் தர வேண்டும். நம் வினாவுக்கு ‘தான் சே யான்’ என்பது விடை. ‘சே யான்’ என்று மட்டும் சொன்னாலும் ஏற்கலாம். ‘தான்’ என்று மட்டும் சொன்னால் ஏற்கலாகாது. அது குடும்பப்பெயர், அவர் தாத்தாவுக்கும் அதுவே. இப்பெயரில் தமிழ்க் காதுக்கு ஓர் இடர் வேறு இருக்கிறது. ‘தான்’ என்பது நம் மொழியில் தேற்றச்சொல். ‘அவர்தான்’ என்பதில் வருவது. மாணவர் ‘தான்’ என்று தொடங்கிச் சற்றுத் தயங்கினால், அவர் விடையைத் தொடங்கிவிட்டாரா, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாரா என்பது நடுவர்க்கு விளங்காது. முழுப்பெயரும் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சீட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் மேசைமேல் பத்து வினாக்கள் உள்ள தாள் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் நூறு எழுத்துக்கு மேற்பட்டது. தேநீர் இடைவேளைக்குப் பின் அவற்றுள் இரண்டையேனும் போட்டி விடைகளோடு சேர்த்துப் பார்ப்போம்.